வித்தது போக மிச்சம்

ஏலே ஆரோக்கியம்,

உன் நீலக் கடுதாசி திங்கட்கிழமை வந்தது. நலம் விசாரிக்கவே இடம் பத்தாத ஏரோகிராம் அது. அதில் மூன்று மடிப்பிலும் நீ ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறாய். தன் தங்கச்சி கல்யாணத்துக்கென்று கப்பலேறி வந்த உன் பெண்டாட்டி அமலி, கல்யாணம் முடிந்து ஏழு வாரமாகியும் சேவுகம்பட்டியில் அவள் அப்பா வீட்டிலேயே இருக்கிறாள், திரும்பி வருவாளா மாட்டாளா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்கிறாய். கேட்டுவிட்டேன். பதிலும் கையில் இருக்கிறது. ஆனால் அதை முதல் வரியிலேயே எழுதினால் மிச்சத்தை நீ படிக்க மாட்டாய். தலைப்பைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைக்கிற ஆள் நீ, அது எனக்குத் தெரியாதா? அதனால் செத்த நேரம் பொறுத்து உட்கார்ந்து படி. இதில் குற்றவாளி இரண்டு பேர். முதல் ஆள் நான், அடுத்தது நீ. என் பங்கை நானே ஒப்புக்கொள்ளப் போகிறேன், உன் பங்கைச் சொல்லவும் கூச்சப்படப் போவதில்லை.

திண்டுக்கல் ரயிலடியில் இருபத்தெட்டு வருஷமாகப் பத்திரிகை ஏஜெண்டாக இருக்கிற ஒருத்தன் வீட்டில் பிறந்தவன் நீ. மெட்ராஸ் வண்டியில் கட்டு வந்து இறங்கும், கயிற்றை அறுப்போம், கடைக்கு எத்தனை, வீடு வீடாகப் போடுகிற ஆளுக்கு எத்தனை, நிலக்கோட்டை பஸ்ஸில் ஏற்றுவது எத்தனை என்று பிரிப்போம். அதற்குள் நீ ஒன்றை உருவிப் படித்து முடித்திருப்பாய். உனக்குப் பத்திரிகை என்றால் காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்றே தெரியாது. காற்று மாதிரி, தண்ணி மாதிரி, அது பாட்டுக்கு வரும். வெத்தலைக் கொடிக்கால்காரர் வீட்டிலிருந்து அமலி நம் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கும் அது பெரிய சீதனமாகத்தான் இருந்தது. ஆனால் உனக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நீ படித்த புத்தகத்தை விற்க முடியாது, எண்ணெய்க் கை பட்டிருக்கும். அவள் வாரப் பத்திரிகையை முழுசாக விரிக்கவே மாட்டாள். முதுகு மடங்காமல், இரண்டு விரற்கடை மட்டும் திறந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறது போலப் படிப்பாள். படித்துவிட்டு அடுக்கில் வைத்தால் புதுசு போலவே இருக்கும். "இது மாமாவோட சரக்கு" என்பாள். தொடர்கதையில் ஆள் செத்துப் போனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பக்கத்தைப் புரட்டுவாள், தாளில் துளி விழுந்துவிடக் கூடாதே என்று.

உனக்குக் கென்யாவில் தோல் கம்பெனி வேலை வந்ததும் வீடே ஆடிப்போனது. இங்கே தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆய்வுக்கூடத்தில் திராவகம் கலக்கிக்கொண்டிருந்தவனுக்கு அங்கே நாலு மடங்கு சம்பளம் என்றார்கள். ஆனால் கம்பெனி கொடுத்தது உனக்கு மட்டும்தான் கப்பல் டிக்கெட். அமலியின் டிக்கெட்டுக்கு அவர்களே பணம் கட்டி, இரண்டு வருஷம் மாசாமாசம் உன் சம்பளத்தில் பிடிப்பார்கள். வீட்டு வாடகை, நம் வீட்டுக்கு நீ அனுப்புகிறது, உன் தோல் தொழில் பரீட்சைக் கட்டணம் எல்லாம் போனால் கையில் நிற்கிறது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் எந்தச் சந்தாவை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்றுதானே அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சோறு ஆறிப்போகிற வரை இரண்டு பேரும் மல்லுக்கட்டினீர்கள்? நம் வீட்டில் சந்தா என்ற வார்த்தையே சண்டையில் வந்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் அது வாடிக்கைக்காரர்கள் கட்டுகிற சமாசாரம்.

காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நீ நாலு வரி எழுதினாய். இங்கிலீஷ் தினசரி. லண்டனிலிருந்து வருகிற தோல் தொழில் மாத இதழ். அமலி படிக்கிற தமிழ் வாரப் பத்திரிகை. உன் அம்மாவின் ஆசைக்காக பிஷப் மேற்றிராசனத்து மாதப் பத்திரிகை. அம்மா அப்போதே சொல்லிவிட்டாள், அவளுடையதற்கு அவளே கட்டிக்கொள்கிறேன் என்று. மிச்சம் மூன்று.

அமலி முதலில் தினசரியில் கை வைத்தாள். "கடல் வழியாப் போய்ச் சேர ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகுமாம். ஏர் மெயில்ல போட்டா பேப்பரைவிட ஸ்டாம்பு வெலை கூட. போன மாசத்து மழையப் படிச்சு நீங்க என்ன குடையா பிடிக்கப் போறீங்க?" என்றாள். நீ முறைத்தாய். நான் சிரித்துவிட்டேன். சரி என்று நீயே அதை அடித்தாய்.

அடுத்தது உன் தோல் இதழ். அதை விடச் சொல்லுவாள் என்று நீ வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவள் சொல்லவில்லை. பரீட்சை பாஸ் பண்ணினால்தான் சம்பளம் ஏறும், அந்த இதழில்தான் பழைய கேள்விகளும் புது முறைகளும் வருகின்றன என்பது அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அவள் சொன்னது வேறே. "அதை இங்க இருந்து கட்டாதீங்க. நாம நேரா இங்கிலீஷ் பவுனா அனுப்ப முடியாதுன்னுதான மெட்ராஸ் புத்தகக் கடைக்காரர் வழியாக் கட்டுறோம், அவர் தன் பங்கை எடுத்துக்கிறாரு. கென்யாவுல போஸ்டாபீஸ்லயே லண்டனுக்குச் செல்ற போஸ்டல் ஆர்டர் கெடைக்குமாம். அங்க போய் நேராக் கட்டுங்க. இப்பக் கட்டுனதுல இன்னும் ஆறு மாசம் பாக்கி இருக்கு. உறையில ஒட்டியிருக்க விலாசச் சீட்டைக் கிழிச்சு, புது விலாசத்தையும் எழுதி இன்னைக்கே அனுப்புனா, நாம போய் எறங்குறதுக்குள்ள அங்க மாத்திருவாங்க" என்றாள். கான்வென்ட்டில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த சிஸ்டர் ஒருத்தரிடம் போய் இதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள். இருபத்தெட்டு வருஷ ஏஜெண்டு எனக்கே அது தெரியாது. அவள் சொன்னபடிதான் நடந்தது. நீ இன்றைக்கு அந்த இதழைப் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலான காசில் மாசம் தவறாமல் வாங்கிப் படிக்கிறாய் என்றால் அது அவள் கண்டுபிடித்த வழி. இதை நீ யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா?

பிறகு அவளுடைய வாரப் பத்திரிகை. உள்நாட்டுச் சந்தாவோடு ஐம்பத்திரண்டு வாரத்துக்கும் வெளிநாட்டுத் தபால் செலவு சேரும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. முழுசும் முன்பணமாகக் கட்ட வேண்டும். "கதை படிக்க இம்புட்டுச் செலவா?" என்றாய் நீ.

"பரீட்சைக்குப் படிக்கிறதும் படிக்கிறதுதான். கதை படிக்கிறதும் படிக்கிறதுதான்."

"ஒண்ணு சம்பளத்தைக் கூட்டும். இன்னொண்ணு நேரத்தைப் போக்கும்."

"அங்க எங்கிட்ட நேரந்தான் நெறைய இருக்கும்" என்றாள் அமலி. அவள் குரல் உயரவே இல்லை. நீதான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய்.

அந்த இடத்தில்தான் நான் வாயை விட்டேன். நம்ம கையில் சரக்கு இருக்கும்போது சந்தா எதற்கு, மீன் விற்கிறவன் வீட்டில் காசு கொடுத்து மீன் வாங்குவார்களா என்று கேட்டேன். வாராவாரம் கடையில் நாலு, ஐந்து விற்காமல் மிச்சம் விழும். அதில் ஒன்றை எடுத்துத் தாள் சுற்றி, இரண்டு முனையையும் திறந்து வைத்துப் புத்தகத் தபாலில் போட்டால் தபால் செலவோடு போயிற்று, அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் புத்தியை நினைத்து எனக்கே அன்றைக்கு மகா பெருமை. உனக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அமலி மட்டும் காலண்டர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சந்தாவாக் கட்டிருவோமே மாமா. எம் பேருக்கு வரும்ல?" என்றாள். பேரில் என்ன இருக்கிறது, உள்ளே கதை அதேதானே என்று நான் மடக்கினேன். நீ காலண்டர் தாளில் அந்த வரியையும் அடித்தாய். பேனாவை அழுத்தி அடித்தாய், தாள் கிழிந்தது.

இப்போது நான் செய்த வேலையைக் கேள். ஏஜெண்டு தொழிலில் மிச்சம் விழுந்ததற்குப் பத்திரிகைக் கம்பெனி காசைத் திருப்பும். அதற்கு முழுப் புத்தகத்தையும் திருப்பி அனுப்பினால் ரயில் கூலி கூடும் என்று, எங்கள் கம்பெனியில் மேல் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். அட்டை போன புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. நான் அந்த அட்டையில்லாத புத்தகத்தைத்தான் உன் பெண்டாட்டிக்கு அனுப்பினேன். கம்பெனியிடம் மிச்சம் என்று காசையும் வாங்கிக்கொண்டேன், மருமகளுக்கு அனுப்பினேன் என்று பெருமையும் வாங்கிக்கொண்டேன். ஒரே மாங்காயை இரண்டு சந்தையில் விற்ற கதை. இந்த வியாழக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன். சாமியார் சிரித்துவிட்டார், ஆனால் கம்பெனிக்கு அந்தக் காசைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வாராவாரம் ஒரு புத்தகத்துக்காகத் தபாலாபீஸ் வரிசையில் நிற்பதா என்று நாலு வாரத்தைச் சேர்த்து ஒரே கட்டாகப் போட ஆரம்பித்தேன். அவள் ஒரு மாசம் காய்வாள், பிறகு நாலும் மொத்தமாக வந்து விழும். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. மிச்சம் என்பது எப்போது விழும்? கதை சப்பென்று இருக்கிற வாரம் விழும். கதை சூடு பிடிக்கிற வாரம் ஒன்றுகூட மிஞ்சாது, காலையிலேயே தீர்ந்துவிடும். தீபாவளி மலரைக் கம்பெனி திருப்பியே எடுக்காது, அதனால் நான் எண்ணித்தான் தருவிப்பேன், அது மிஞ்சவே மிஞ்சாது. ஆக ஊரே அடித்துப் பிடித்துப் படித்த வாரமெல்லாம் அவளுக்குப் போகவில்லை. ஊர் வேண்டாம் என்று ஒதுக்கிய வாரமெல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இதை நான் இரண்டு வருஷம் உணரவே இல்லை என்றால் நம்புவாயா? உன் அம்மா ஒரு தடவை சொன்னாள், "வித்தது போக மிச்சந்தான் அவளுக்கு வாரம். நல்ல மாமனார்தான் நீங்க." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உன் அம்மாவுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவள் அடுப்படியில் முறத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தாள், வேலை முடிந்து படிக்க. ஒரு வக்கீல் குமாஸ்தா கடைக்கு வந்து கடைசிப் பிரதி கேட்டார். நான் வீட்டுக்கு வந்து முறத்தைத் தூக்கி எடுத்துக்கொண்டு போய் அவருக்கு விற்றேன். அன்றைக்கு எனக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் சோறு விழுந்தது, ஏன் என்றுகூட நான் கேட்கவில்லை. இந்த வாரம்தான் கேட்டேன். "இப்பவாவது கேட்டீகளே" என்றாள். கடைக்காரன் வீட்டுப் பெண்ணுக்குப் பத்திரிகை அவ்வளவு பக்கத்தில் இருக்கும், ஒன்றும் அவளுடையதாக இருக்காது. இது எனக்குப் புரிய இம்புட்டு வயசாயிற்று. உனக்கு இப்போதே புரியட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வருஷம் அமலி கடுதாசி போடுவாள். "மாமா, பதினொண்ணாவது வாரமும் பன்னெண்டாவது வாரமும் வரலை. பதிமூணுல அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போயிருக்கா. ஏன்னு தெரியலை. யாராச்சும் படிச்சிருந்தா கேட்டு எழுதுங்க." நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "சரக்கு தீர்ந்துவிட்டது" என்று வாடிக்கைக்காரனுக்குச் சொல்கிற மாதிரி எழுதினேன். கதையை ஒரு வரி கேட்டு எழுதக் கூடாதா நான்? எதிர்க்கடை டீ மாஸ்டர்கூட மனப்பாடமாகச் சொல்லுவார். இரண்டாவது வருஷம் அவள் அதைக் கேட்பதை நிறுத்தினாள். கடுதாசியும் குறைந்தது. நல்லா இருக்கோம், நீங்கள் நலமா, அவ்வளவுதான். பிள்ளை பழகிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தாள், கல்யாணம் நன்றாக நடந்தது. அதற்குப் பிறகும் அவள் போகிற பேச்சையே எடுக்கவில்லை. நம் நாகல் நகரில் தெருவுக்குத் தெரு பேச்சு கிளம்பிவிட்டது. சீமைக்குப் போனவள் வாழாமல் வந்துவிட்டாள் என்று உன் சித்தி முறைக்காரி ஒருத்தி கோயில் வாசலிலேயே அம்மாவிடம் துக்கம் விசாரித்தாள். அம்மா அன்றைக்கு முழுசும் சாப்பிடவில்லை. பயமாக இருந்தது ஆரோக்கியம். உன் வாழ்க்கை கெட்டுப் போகுமோ என்று மட்டும் இல்லை. அந்தப் பிள்ளையை நான் என் மகளாகத்தான் நினைத்தேன், அவள் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாளோ என்று பயம். அந்த நேரத்தில்தான் உன் கடுதாசி வந்தது. சேவுகம்பட்டிக்கு நானே போய்க் கேட்பது என்று முடிவு பண்ணி, புதன்கிழமைக்கு நாள் வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவளே கடைக்கு வந்தாள். வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்து இறங்கி நேராக வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் வரவில்லை. வாடிக்கைக்காரர் நிற்கிற பக்கம் பலகைக்கு வெளியே நின்றுகொண்டு, "மாமா, ஒரு மணியார்டர் பாரம் எழுதணும். எழுதித் தாரீகளா?" என்றாள்.

நான் பாரத்தை எடுக்காமல் உன் கடுதாசியை எடுத்து நீட்டினேன். "ஆரோக்கியம் எழுதியிருக்கான். நீ திரும்பி வருவியா மாட்டியான்னு கேக்கான்."

அவள் அதை வாங்கிப் படித்தாள். முழுசும் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "உங்களைத்தான கேட்டிருக்காரு மாமா. என்னையக் கேக்கலையே" என்றாள்.

ஏழு வாரத்தில் நீ அவளுக்கு எழுதியது மூன்று கடுதாசி என்றாள். மூன்றிலும் பரீட்சை தேதி, சமையல்காரப் பையன் திருடுகிறான், சட்டைக்குப் பித்தான் எங்கே இருக்கிறது. வருவாயா என்று அவளிடம் கேட்க உனக்கு என்னலே வெட்கம்?

பிறகுதான் அவள் சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை, நான் கேட்கக் கேட்கத்தான் சொன்னாள். அங்கே தபால் வீட்டுக்கு வராதாம். தபாலாபீஸில் கம்பெனிக்கு ஒரு பெட்டி, கம்பெனி ஆள் போய் எடுத்து வந்து ஆபீஸில் வைப்பான், அங்கிருந்து நீ எடுத்து வர வேண்டும். உன் தோல் இதழ் வந்தால் அன்றைக்கே கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாயாம், அதில் உன் பேர் அச்சடித்து ஒட்டியிருக்கும். அவள் கட்டு வந்தால் "ஆய்வுக்கூடத்துல மேசை மேல கெடக்கு, நாளைக்கு எடுத்தாரேன்" என்பாயாம். நாளைக்கு என்பது பத்து நாள் ஆகுமாம். ஒரு தடவை அந்தத் தாளில் ஈரத்தோலைச் சுற்றி யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். "அட்டை இல்லையே, பழைய பேப்பர்னு நினைச்சுட்டான்" என்று நீ சமாதானம் சொன்னாயாம். அட்டையைக் கிழித்தவன் நான். மேசையில் போட்டவன் நீ. அந்தச் சாயங்காலம் அவள் யாரிடம் போய்ப் பேசுவாள் என்று நினைத்தாயா? அந்தக் குடியிருப்பில் தமிழ் பேசுகிற வாய் உன்னுடையது ஒன்றுதான். நீ வேலை விட்டு வந்து புத்தகத்தில் தலையை விட்டால் அதுவும் இல்லை.

"கதைக்காக இல்ல மாமா" என்றாள். "கதை போனாப் போகுது. அந்த ஊர்ல எனக்குன்னு ஒண்ணு, யாரும் ஞாபகம் வச்சு எடுத்துக் குடுக்காம, அது பாட்டுக்கு வரணும். யாரையும் கேட்டு நிக்கக் கூடாது. அதுக்குத்தான் அன்னைக்கே சந்தாவாக் கட்டுவோம்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். மருமகளிடம் மாமனார் மன்னிப்புக் கேட்பது நம் வீட்டில் வழக்கமில்லை, கேட்டேன். காசை நானே கட்டுகிறேன் என்றும் சொன்னேன். "வேணாம் மாமா, அப்புறம் அது மறுபடியும் உங்க சரக்காயிரும்" என்று சிரித்தாள். பக்கத்து வீட்டுக் கோவாக்காரர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசை வரும்போது மாற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். பலகை மேல் வைத்தாள்.

பாரத்தை எடுத்தேன். ஏஜெண்டு வழியாக வெளிநாட்டுச் சந்தா கிடையாது, நேராக மெட்ராஸ் ஆபீஸுக்கு மணியார்டர்தான் பண்ண வேண்டும். அடியில் இருக்கிற கூப்பனில் யாருக்கு, எந்த விலாசத்துக்கு, எந்தத் தேதி இதழிலிருந்து, எத்தனை காலத்துக்கு என்று தெளிவாக எழுதாவிட்டால் பணம் போய்ச் சேரும், புத்தகம் வராது. அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்த இதழிலிருந்து என்றேன். உறை அச்சடிக்க அவர்களுக்கு இரண்டு வாரமாவது வேண்டுமே, அதனால் அடுத்த மாச முதல் வாரத்திலிருந்து என்றாள். பேர் என்றேன். "அமலோற்பவம்" என்று தன் முழுப் பேரைச் சொன்னாள். திருமதி ஆரோக்கியம் என்று போடட்டுமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

அடுத்தது விலாசம். பேனா கையில் நின்றுவிட்டது. அவள் சேவுகம்பட்டி என்று சொன்னால் நான் அதை எழுதித்தான் ஆக வேண்டும், எழுதிவிட்டு உனக்கு அதைச் சொல்லவும் வேண்டும். உள்நாட்டுச் சந்தா என்றால் காசும் பாதிதானே, வந்தவள் வெளிநாட்டுக் கணக்கில்தான் காசு எடுத்து வைத்திருந்தாள் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. பயத்தில் அறிவு ஓடிவிட்டது.

அவள் சொன்ன விலாசம் கென்யா. உன் ஊர்தான். ஆனால் தோல் கம்பெனியின் பெட்டி எண் இல்லை அது. கம்பெனி எண் எனக்கு மனப்பாடம், இரண்டு வருஷமாக எழுதுகிறேன். "நம்பர் தப்பாச் சொல்றியே தாயி" என்றேன்.

"இல்ல மாமா, இது எம் பெட்டி" என்றாள். "கப்பல் ஏறுறதுக்கு முந்துன வாரம் போஸ்டாபீஸ்ல எழுதிக் குடுத்து எம் பேருக்கு எடுத்தேன். ஒரு வருஷ வாடகை கட்டியாச்சு. அவருக்குத் தெரியாது."

"அப்ப நீ போகணும்னுதான் வந்தியா?"

"எடுக்கும்போது அப்படித்தான் எடுத்தேன். இங்க வந்தப்புறம் ஒரு மாசம் வேணாம்னுதான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன் மாமா." பலகை மேல் வைத்த காசை ஒரு தடவை அடுக்கிச் சரிபண்ணினாள். "அப்புறம் யோசிச்சேன். அவரு கெட்டவரு இல்ல. அவருக்கு மறதி. மறதிக்காரர் கையில என் தபாலக் குடுக்க வேணாம், அம்புட்டுத்தான்."

எத்தனை காலத்துக்கு என்று கடைசியாகக் கேட்டேன். மூன்று மாசமும் உண்டு, ஆறு மாசமும் உண்டு. "வருஷம்" என்றாள். எழுதினேன். என் கையெழுத்து கோணிப் போயிற்று, அவள் வேறு பாரம் வாங்கச் சொல்லி மறுபடி எழுத வைத்தாள். தபாலாபீஸுக்கு அவளே போய்க் கட்டி, ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போனாள்.

வருகிற மாசம் பம்பாயில் கப்பல் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அங்கே அவள் வந்து இறங்குகிற துறைமுகத்துக்கு நீ போ. கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை என்று எனக்கு எழுதாதே. இந்தக் கடுதாசி கிடைத்த அன்றைக்கே அவளுக்கு ஒரு கடுதாசி எழுது, சேவுகம்பட்டிக்கு. வருவாயா என்று கேள். பதில் தெரிந்துவிட்டதே, இனி எதற்குக் கேட்பது என்று நினைக்காதே ஆரோக்கியம். அவள் ஏழு வாரமாக அந்தக் கேள்விக்குத்தான் காத்திருக்கிறாள்.

உன் அப்பா